டார்கெட்டா காஸ்ட்கோவா: ஆர்ஓஇ-ய மூணா உடைச்சு பாத்தா

அமெரிக்க ரீடெய்ல்ல ஒரே ஒரு பங்குதான் வாங்குறதுன்னு முடிவு பண்ணி கடைசியில டார்கெட், காஸ்ட்கோ ரெண்டுக்கும் நடுவுல வந்து நின்னேன், நான் எடுத்தது காஸ்ட்கோ. ஆர்ஓஇ, அதாவது பங்குதாரர்களோட சொந்த காசான ஈக்விட்டி மேல வர்ற லாப சதவீதம், அத மட்டும் பாத்தா டார்கெட் தான் ஜெயிக்குது, 2023 நிதியாண்டுல அதுக்கு கிட்டத்தட்ட 31%, காஸ்ட்கோவுக்கு 25%. அப்புறம் ஏன்னு கேட்டா அந்த நம்பர உடைச்சு பாக்கணும். டுபாண்ட் கம்பெனிக்காரங்க நூறு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச முறை, இப்ப எல்லாரும் இப்படி எழுதுவாங்க:

```
ROE = (லாபம்/விற்பனை) × (விற்பனை/சொத்து) × (சொத்து/ஈக்விட்டி)
```

இதுல முதல் பகுதி மார்ஜின், ரெண்டாவது டர்ன்ஓவர், மூணாவது லெவரேஜ். காஸ்ட்கோ: மார்ஜின் 2.6%, டர்ன்ஓவர் 3.5, லெவரேஜ் 2.75. டார்கெட்: 3.85%, 1.94, 4.12. (வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்ட வச்சு போட்டது, சராசரி எடுத்தா கொஞ்சம் மாறும்.)

மார்ஜின்ல டார்கெட் மேல, துணி, வீட்டு சாமான்லாம் நிறைய விக்கிறாங்க, அதனால இதுல ஆச்சரியம் இல்ல. டர்ன்ஓவர்ல காஸ்ட்கோ ரொம்ப மேல, குறைஞ்ச வகை சரக்க மலை மாதிரி அடுக்கி வேகமா தள்ளி விடுறாங்க, சரக்கு கடையில இருக்குறது ஒரு மாசம்தான், டார்கெட்ல அது ரெண்டு மாசத்துக்கு பக்கம். இதுவரைக்கும் ரெண்டும் ரெண்டு விதமான வியாபாரம், அவ்ளோதான், இது நல்லது அது கெட்டதுன்னு சொல்ல முடியாது.

என்னை முடிவு பண்ண வச்சது மூணாவது நம்பர். மார்ஜினையும் டர்ன்ஓவரையும் மட்டும் பெருக்கினா காஸ்ட்கோ 9.1%, டார்கெட் 7.5%, அதாவது கையில இருக்குற சொத்த வச்சு அதிகமா சம்பாதிக்கிறது காஸ்ட்கோ தான், டார்கெட்ட முன்னாடி தள்ளுறது லெவரேஜ் மட்டும்தான். சரி, லெவரேஜ்னா உடனே கடன்னு நினைச்சிடுவோம், ஆனா இந்த விகிதம் அது யாரோட காசுன்னு சொல்லாது, பேலன்ஸ் ஷீட்டோட பொறுப்புகள் பக்கத்த தொறந்து பாக்கணும். காஸ்ட்கோ சப்ளையர்களுக்கு தர வேண்டியது 17.5 பில்லியன் டாலர், ஸ்டாக்ல இருக்குற சரக்கே 16.7 பில்லியன் தான், அதாவது மொத்த சரக்கும் சப்ளையர் காசுல நிக்குது, அதுக்கு வட்டியும் கிடையாது, பாண்டு கடன் 6.5 பில்லியன் பக்கம்தான். டார்கெட்டுக்கு 13.4 பில்லியன் ஈக்விட்டி, கடன் கிட்டத்தட்ட 16 பில்லியன், வியாபாரம் படுத்தாலும் வட்டி கட்டியே ஆகணும்.

இன்னொன்னு, அந்த லெவரேஜ் எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். 2021 நிதியாண்டுல டார்கெட் ஆர்ஓஇ 54%. அந்த வருஷம் 7 பில்லியன் லாபம், அதே சமயம் 7 பில்லியனுக்கு மேல சொந்த பங்குகளையே திரும்ப வாங்கின பைபேக், டிவிடெண்ட் வேற தனியா, அதனால லாபம் வந்தும் ஈக்விட்டி 14.4-லருந்து 12.8 பில்லியனா குறைஞ்சு லெவரேஜ் 3.55-லருந்து 4.20 ஆச்சு. லெவரேஜ மட்டும் பழையபடி 3.55-ன்னு வச்சு கணக்கு போட்டா ஆர்ஓஇ 46% தான் வருது, மிச்ச 8 புள்ளி கீழ இருக்குற எண் சுருங்கினதால வந்தது, கடையில எதுவும் கூடுதலா நடக்கல. அடுத்த வருஷம் தேவைக்கு மேல சரக்கு தேங்கி, விலைய குறைச்சு தள்ளி, மார்ஜின் 6.6%-லருந்து 2.5% ஆச்சு, ஆர்ஓஇ 25%-க்கு விழுந்துடுச்சு.

இங்க ஒரு விஷயத்த நேர்மையா சொல்லிடணும். மார்ஜின் ஒரு புள்ளி குறைஞ்சா டார்கெட் ஆர்ஓஇ 8 புள்ளி விழும், காஸ்ட்கோ ஆர்ஓஇ ஒன்பதரை புள்ளி விழும், ஏன்னா டர்ன்ஓவரும் அதே மாதிரி பெருக்கிதான். கணக்குப்படி காஸ்ட்கோ தான் அதிகம் ஆடணும். ஆனா அந்த மார்ஜின் ஆடவே மாட்டேங்குது, 2021-லருந்து 2023 வரைக்கும் 2.6% பக்கத்துலயே நிக்குது, காரணம் அங்க பொருள் வாங்க வாடிக்கையாளர்கள் வருஷா வருஷம் கட்டுற மெம்பர்ஷிப் கட்டணம், 2023-ல அதுவே 4.6 பில்லியன், செயல்பாட்டு லாபத்துல பாதிக்கு மேல. ஃபார்முலால இது எங்கயும் தெரியாது, வருமான அறிக்கைய படிச்சாதான் தெரியும்.

இந்த அலசல பேங்க் பங்குக்கு அப்படியே தூக்கிட்டு போகாதீங்க, அங்க டெபாசிட் தான் தொழிலே, லெவரேஜ் பத்து மடங்கு இருக்கறது சாதாரணம், அங்க எனக்கு அனுபவமும் கம்மி. அப்புறம் விலை. ஆர்ஓஇ எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்த பங்குக்கு எவ்ளோ குடுக்கலாம்னு அது சொல்லாது, லாபத்தோட ஒப்பிட்டா டார்கெட் ரொம்ப மலிவு, காஸ்ட்கோ எப்பவுமே காஸ்ட்லி, அதுக்காகவே ஒருத்தர் டார்கெட் எடுத்தா நான் சண்டைக்கு வர மாட்டேன்.