கொஸ்டின் டேக்: அட்டவணையா, கேள்வியா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து டியூஷன்களில், இங்கிலீஷ் வாக்கியத்தின் கடைசியில் 'இஸன்ட் ஹி?' என்று ஒட்டிவரும் கொஸ்டின் டேக்கை இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்று அட்டவணை: 'இஸ்' வந்தால் 'இஸன்ட்', 'கேன்' வந்தால் 'கான்ட்', 'ஹேஸ்' வந்தால் 'ஹேஸன்ட்' என்று மனப்பாடம். இன்னொன்று, வாக்கியத்தை முதலில் கேள்வியாக மாற்றச் சொல்வது. கேள்வியின் தலையில் எந்த ஹெல்பிங் வெர்ப் வந்து நிற்கிறதோ, அதையே நெகட்டிவ் ஆக்கி வாக்கியத்தின் பின்னால் ஒட்ட வேண்டும்.

அட்டவணையில் பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் சரியாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஹேஸ்' வரும்போது அது காலை வாரிவிடும். இந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்: 'ஹி ஹேஸ் கான் டு கொளச்சல்', 'ஹி ஹேஸ் டு மெண்ட் த நெட்', 'ஹி ஹேஸ் எ போட்'. அட்டவணைப் பிள்ளை மூன்றுக்கும் 'ஹேஸன்ட் ஹி' என்றே எழுதும்.

கேள்வியாக்கினால் வித்தியாசம் தானாகத் தெரியும். முதலாவது 'ஹேஸ் ஹி கான்?' ஆகிறது, அங்கே 'ஹேஸ்' உதவிக்கு வந்தது, ஆகவே 'ஹேஸன்ட் ஹி'. மற்ற இரண்டும் 'டஸ் ஹி ஹேவ்...?' என்று மாறும். அங்கே 'ஹேஸ்'தான் மெயின் வெர்ப். உதவிக்கு ஆள் இல்லாததால் 'டஸ்' வருகிறது, ஆகவே 'டஸன்ட் ஹி'. படகு வாக்கியத்துக்குப் பழைய பிரிட்டிஷ் வழக்கில் 'ஹேஸன்ட் ஹி'யும் உண்டு. வலை வாக்கியத்துக்கு 'டஸன்ட் ஹி'யையே பழக்குங்கள்.

'ஹி புட் த நெட் இன் த போட்' இன்னும் நல்ல சோதனை. 'புட்' ப்ரெஸன்ட், பாஸ்ட், பாஸ்ட் பார்ட்டிசிபிள் மூன்றுக்கும் ஒரே உருவம். ஆனால் 'ஹி' இருந்தும் கடைசியில் 'எஸ்' இல்லை. அப்படியானால் நடந்து முடிந்த காரியம், 'டிடின்ட் ஹி'. இதை எந்த அட்டவணையும் சொல்லாது.

ஷார்ட் ஆன்சருக்கும் கேள்வி வழிதான் கைகொடுக்கும். கேட்டவர் 'டஸ்' என்று கேட்டால் பதிலிலும் 'டஸ்': 'யெஸ், ஹி டஸ்'. நம் பிள்ளைகள் தடுமாறுவது நெகட்டிவ் வாக்கியத்தில். 'யூ டிடின்ட் கோ, டிட் யூ?' என்றால், "ஆமா, போவல்ல" என்று மனசில் ஓடி, 'யெஸ், ஐ டிடின்ட்' என்று வந்துவிடும். இங்கிலீஷில் போகவில்லை என்றால் 'நோ'தான்: 'நோ, ஐ டிடின்ட்'. போயிருந்தால் 'யெஸ், ஐ டிட்'. கேட்டவர் நினைப்பை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் பார்த்துப் பதில் சொல்லப் பழக்க வேண்டும்.

எனக்குக் கேள்வி வழிதான் முதலில். ஆனாலும் 'ஐ ஆம்' என்பதற்கு 'ஆரன்ட் ஐ', 'லெட்ஸ்' என்பதற்கு 'ஷல் வி', கட்டளைக்கு 'வில் யூ' ஆகியவை கேள்வியாக்கினாலும் கிடைக்காது. 'ஹார்ட்லி', 'நோபடி' வந்தால் வாக்கியமே நெகட்டிவ், அதனால் டேக் பாசிட்டிவாக வரும். அட்டவணையை இந்த ஐந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் 'டூ, டஸ், டிட்' கேள்விகளைத் தயங்காமல் கேட்கத் தொடங்கிய பிறகு அதைக் கொடுத்தால் போதும்.