அழித்துவிட்டு மீண்டும் போட்டால் கணக்கு திரும்புமா? தானியங்கி பேக்கப், கோப்பு நகல், சேர்வர்: ஓர் ஒப்பீடு

தயிர் வியாபாரம் செய்பவர்களுக்காக நான் ஒரு சின்னக் கணக்குச் செயலி எழுதியிருக்கிறேன். எந்தக் கடைக்கு எத்தனை சட்டி கொடுத்தது, எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு நிலுவை என்பதை மட்டும் அது வைத்திருக்கும். கடன் கொப்பியின் வேலைதான். போன மாதம் நான் வெளியிட்ட புதிய பதிப்பு சில போன்களில் திறக்கும் இடத்திலேயே நின்றுவிட்டது. அதே வாரத்தில் இரண்டு பேர், தனித்தனியே, செயலியை அழித்துவிட்டுத் திரும்பவும் பிளே ஸ்டோரிலிருந்து போட்டிருக்கிறார்கள். ஒருவர் களுவாஞ்சிக்குடி அண்ணன். மற்றவர் படுவான்கரையில் மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா.

அண்ணனுக்கு முதல் நாள் வரை உள்ள கணக்கு அப்படியே வந்துவிட்டது. அக்காவிடமிருந்து இரவு அழைப்பு வந்தது. “தம்பி, ஒண்டுமே இல்ல. வெறும் பக்கம்தான் கிடக்கு. பதினாலு கடைக் கணக்கு.”

ஒரே செயலி, ஒரே பதிப்பு, இரண்டும் அண்ட்ராய்டு போன், இரண்டிலும் கூகுள் கணக்கு இருக்கிறது. பேக்கப்பும் இரண்டிலும் போட்டுத்தான் இருந்தது. பிறகு ஏன் இப்படி என்று தேடப்போய்த்தான் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் அழிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செயலிக்கும் போனுக்குள் ஒரு தனி அறை உண்டு. தரவுத்தளம், அமைப்புகள், செயலி தனக்கென்று சேமித்த படங்கள் எல்லாம் அந்த அறைக்குள்தான் கிடக்கும். செயலியை அழித்தால் அறையும் சேர்ந்து போய்விடும். மெமரியில் Android/data என்ற கோப்புறைக்குள் அந்தச் செயலியின் பெயரில் இருப்பதும் அதோடு போகும். ‘போனில்தானே இருக்கு, எங்கே போகப்போகுது’ என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் பிழைக்கிறது. மீண்டும் போடும்போது அந்த அறை புதிதாக, வெறுமையாகக் கட்டப்படுகிறது. அதை நிரப்ப வெளியே எங்காவது ஒரு நகல் இருந்திருக்க வேண்டும்.

தானியங்கி பேக்கப்

அண்ட்ராய்டு 6.0 முதல் இது இருக்கிறது. செயலி எழுதியவர் தடுக்காவிட்டால், அந்த அறையில் உள்ள தரவுத்தளம், அமைப்புகள், கோப்புகள் ஆகியவற்றை போனே எடுத்து, உரிமையாளரின் கூகுள் டிரைவில் மறைவான ஓர் இடத்தில் வைக்கும். தற்காலிகக் கோப்புகளை (கேஷ்) எடுக்காது. செயலியைத் திரும்பப் போடும்போது, அது முதல்முறை திறக்கப்படுவதற்கு முன்பே நகல் உள்ளே இறங்கிவிடும். பாவிப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. அண்ணனுக்கு நடந்தது இதுதான். மறதிக்கு இடமே இல்லை என்பதுதான் இந்த வழியின் பெரிய பலம், அதில் மற்ற இரண்டும் இதற்குக் கிட்ட வராது.

ஆனால் அது எப்போது நகல் எடுக்கும் என்பதில்தான் அக்காவின் கதை இருக்கிறது. கடைசி நகலுக்குப் பிறகு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போன் சும்மா கிடக்க வேண்டும், பொதுவாகச் சார்ஜிலும் இருக்க வேண்டும். இதெல்லாம் எந்த வீட்டிலும் இரவில் நடப்பதுதான். மிஞ்சிய நிபந்தனை வைஃபை. அமைப்பில் மாற்றாதவரை மொபைல் டேட்டாவில் அது நகல் ஏற்றாது.

அண்ணன் வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. அக்கா ரீலோட் போட்டு டேட்டாவில் ஓடுபவர். “வைஃபையும் இடைக்கிடை போடுறதான் தம்பி, மகன்ட போன்ல இருந்து” என்றார். அது ஹொட்ஸ்பொட். இன்னோர் அண்ட்ராய்டு போன் தரும் ஹொட்ஸ்பொட்டை, அளந்து காசு கட்டும் இணைப்பு என்று போன் அடையாளம் கண்டுகொள்ளும். ஆகையால் பேக்கப் அதையும் மொபைல் டேட்டா போலத்தான் நடத்தும். அக்கா அந்தப் போனை வாங்கியதிலிருந்து ஒரு நாள்கூட நகல் ஏறவில்லை. பேக்கப் ‘ஒன்’ என்று மட்டும் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க, கூகுள் டிரைவ் செயலியில் Backups என்ற இடத்தைத் திறந்து போனின் பெயரையும் கடைசித் தேதியையும் பார்க்க வேண்டும். பெயரே இல்லாவிட்டாலோ தேதி மாதக்கணக்கில் பழையதாக இருந்தாலோ, எந்தச் செயலியையும் அழிக்கக் கூடாது. டேட்டா மட்டும் பாவிப்பவர்கள் போனின் Settings, Google, Backup வழியே போய் மொபைல் டேட்டாவிலும் நகல் எடுக்க அனுமதிக்கலாம். படங்களின் பேக்கப் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொண்டு டேட்டாவை எரிக்க வேண்டாம்.

இரண்டாவது எல்லை அளவு. ஒரு செயலிக்கு 25 எம்பி. அதைத் தாண்டினால் தாண்டிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும் என்று நினைக்கக் கூடாது. அந்தச் செயலியின் நகலே ஏறாது, பாவிப்பவருக்கு எந்த அறிவிப்பும் வராது. என் செயலியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கொடுக்கல் வாங்கல் வரி ஏறத்தாழ 120 பைட். ஒன்பதாயிரம் வரி எழுதினாலும் 1 எம்பி சொச்சம்தான். ஆனால் ஒரு பில்லைப் படம் பிடித்து உள்ளே சேமித்தால் 2 அல்லது 3 எம்பி. பத்துப் பன்னிரண்டு படத்தோடு வருடக்கணக்கான கணக்கின் பாதுகாப்பு நின்றுவிடும். படம் சேர்க்கும் வசதியை நான் பெருமையோடு செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் இது கண்ணில் பட்டது. இப்போது அண்ட்ராய்டு 12க்கும் அதற்கு மேலும் பில் படங்களை பேக்கப்பிலிருந்து இப்படி விலக்கியிருக்கிறேன். பழைய பதிப்புகளுக்கு `fullBackupContent` கோப்பிலும் இதே விலக்கைத் தனியே எழுத வேண்டும்.

```xml
<data-extraction-rules>
  <cloud-backup>
    <exclude domain="file" path="bills/" />
  </cloud-backup>
</data-extraction-rules>
```

மூன்றாவது, ஒரே ஒரு நகல்தான் இருக்கும். புதியது ஏறினால் பழையது போய்விடும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். யாராவது செயலியை அழிக்காமல், Clear storage அழுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை வெறுமையாகிவிடும். ஆனால் செயலி புதிதாகப் போடப்படவில்லை, அதனால் நகலும் இறங்காது. அன்றிரவு வைஃபையில் போன் கிடந்தால், அந்த வெறும் அறையின் நகல் நல்ல நகலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கணக்கு காணவில்லை என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்துவது. பிறகுதான் யாரையும் கேட்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் Clear cache என்ற பொத்தானால் கணக்குக்குச் சேதமில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் விரல் மாறிப் போகிறது.

செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தரவைப் பூட்டி வைத்து, திறப்பை போனின் கீஸ்டோரில் வைத்தால், அழிக்கும்போது திறப்பு போய்விடும். நகலில் பூட்டிய பெட்டி மட்டும் திரும்பி வரும், செயலி திறக்கும்போதே விழும். பூட்டிய கோப்பை பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

நாமே எடுத்து வைக்கும் கோப்பு

கணக்கு முழுவதையும் ஒரு கோப்பாக்கி, Documents அல்லது Download கோப்புறையில் போடும் வழி இது. அந்தக் கோப்புறைகள் செயலியின் அறைக்கு வெளியே இருப்பதால், செயலியை அழித்தாலும் கோப்பு கிடக்கும். வைஃபை வேண்டாம், கூகுள் கணக்கு வேண்டாம், 25 எம்பி எல்லையும் இல்லை. படுவான்கரையில் சிக்னல் விழுந்த நாளிலும் வேலை செய்யும்.

இதில் ஒரு நுட்பத்தை நான் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். அண்ட்ராய்டு 11 முதல், திரும்பப் போட்ட செயலிக்குத் தான் முன்பு எழுதிய கோப்பு தன்னுடையது என்று தெரியாது. கோப்பு மேலாளரில் கண்ணெதிரே தெரியும் கோப்பை, செயலி ‘இல்லை’ என்று சொல்லும். பாவிப்பவர் தானே கோப்புத் தேர்வுப் பெட்டியைத் திறந்து, அந்தக் கோப்பைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதனால் ‘பழைய கணக்கைத் திற’ என்ற பொத்தான் செயலியின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமைப்புகளுக்குள் நான்கு தட்டுக்கு அப்பால் வைத்தால் பதட்டத்தில் இருப்பவர் அதைக் காணமாட்டார்.

இந்த வழியின் குறை இரண்டு. எடுக்க மறந்தால் இல்லை. போன் வாவியில் விழுந்தால் கோப்பும் விழும். முதல் குறைக்கு, செயலி வாரம் ஒருமுறை தானே கோப்பை எழுதலாம். இரண்டாவதுக்கு, அந்தக் கோப்பை மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம். என் செயலியின் கோப்பு, படங்களை விட்டால், 1 எம்பிக்குள்தான் வருகிறது. டேட்டாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சேர்வர்

ஒவ்வொரு வரியும் எழுதியவுடன் வெளியே உள்ள சேர்வருக்குப் போய்விடும். அழித்தாலும், போன் மாறினாலும், உள்நுழைந்தால் கணக்கு இருக்கும். பேச்சளவில் இதுதான் சிறந்தது. ஆனால் மாதாமாதம் காசு கட்ட வேண்டும், கடவுச்சொல் மறந்தவர்களுக்கு இரவில் பதில் சொல்ல வேண்டும், பதினாலு கடையின் கடன் விபரமும் என் பொறுப்புக்கு வந்துவிடும். சிக்னல் இல்லாதபோது எழுதிய வரிகள் சேர்வருக்குப் போகும் முன் செயலியை அழித்தால் அவையும் போகும். கணவன் ஒரு போனிலும் மனைவி ஒரு போனிலும் ஒரே கணக்கை எழுதும் வீடுகளுக்கு இது தேவை. ஒரு போன், ஒரு ஆள் என்றால் நான் இதை எடுக்கமாட்டேன்.

நான் எடுத்திருப்பது முதல் இரண்டும் சேர்ந்தது. ஒன்று மற்றதன் ஓட்டையை அடைக்கிறது. வெளியிடும் முன் இப்போது என் மேசையில் இதைக் கட்டாயம் ஓட்டிப் பார்க்கிறேன்.

```
adb shell bmgr backupnow com.example.thayir
adb uninstall com.example.thayir
adb install thayir.apk
```

முதல் வரிக்கு Success என்று வர வேண்டும். Size quota exceeded என்று வந்தால் 25 எம்பியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மூன்றாவது வரிக்குப் பிறகு செயலியைத் திறந்து, மாதிரிக் கணக்கின் வரிகளை எண்ணிப் பார்ப்பேன்.

ஐபோனில் கதை வேறு. ஐகிளவுட் பேக்கப் முழுப் போனுக்குமானது, ஒரு செயலியைத் திரும்பப் போட்டதற்காக அதன் தரவை மட்டும் எடுத்துத் தராது. அங்கே Delete App அல்லாமல் Offload App அழுத்தினால் தரவு போனிலேயே இருக்கும்.

அக்காவின் கணக்கைத் திரும்ப எடுக்க வழி இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய், கடைகளுக்குக் கொடுத்த துண்டுகளின் அடிக்கட்டைகளை வைத்து இருவருமாகப் பதினொரு கடையின் நிலுவையை எழுதினோம். மூன்று கடைக்குத் துண்டே இல்லை. கடைக்காரர்கள் சொன்ன தொகையை அக்கா அப்படியே ஏற்றுக்கொண்டார். புறப்படும் முன் முதல் கோப்பை எழுதி மகனின் போனுக்கு அனுப்பினோம். அதை அவன் போனில் திறந்து பதினாலு பெயரும் வருகிறதா என்று அக்கா விரல் வைத்து எண்ணினார்.