போர்டில் இருக்கும் நாலு விளக்கு: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு புகார்

"பி650 மதர்போர்டு விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா? அதுல இருக்கிற டயக்னாஸ்டிக் லைட் நெஜமாவே உதவுமா?" என்று நண்பர் கேட்டார். போர்டின் மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதனால் விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான போர்டுகளில் வலது ஓரமாக, 24 பின் பவர் கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், வரிசையாக நாலு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். பவர் பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு கட்டச் சோதனையும் தொடங்கும்போது அதற்குரிய விளக்கு எரியும், சோதனை தேறினால் அணைந்துவிடும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் கணினி நின்றுவிட்டது என்று பொருள். நின்ற இடம்தான் அது. கெட்ட பாகம் அதுதான் என்று விளக்கு சொல்லவே இல்லை. கடையில் விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் "ராம் போச்சு சார்" என்று புது ராம் விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விஜிஏ விளக்கும் பூட் விளக்கும் அருமை. விஜிஏ நின்றால் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் பவர் கேபிளைப் பாருங்கள், கார்டு ஸ்லாட்டில் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். 7500எஃப் மாதிரி உள் கிராபிக்ஸ் இல்லாத சிபியு போட்டுக் கார்டு போடாமல் விட்டாலும் இதே விளக்குதான் நிற்கும். பூட் விளக்கு நின்றால் சந்தோஷப்படலாம். சிபியு, ராம், டிஸ்ப்ளே மூன்றும் தேறிவிட்டன. எஸ்எஸ்டி தெரியவில்லை அல்லது அதில் விண்டோஸ் இல்லை, அவ்வளவுதான். சிபியு விளக்கு என்றால் போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 பின் சிபியு பவர் கேபிளை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து, சிபியு போர்டைவிடப் புதிய தலைமுறையாக இருந்தால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாமல் நிற்கலாம். பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென்டிரைவ் வைத்தே புதுப்பித்துவிடலாம், சிபியு இயங்க வேண்டியதில்லை.

இனி என் எரிச்சல்: டிராம் விளக்கு.

டிடிஆர்5 போர்டுகளில் ராமுக்கு 'மெமரி ட்ரெயினிங்' நடக்கும். ஒவ்வொரு சிக்னல் பாதைக்கும் எந்த நேர இடைவெளியில் தரவு பிழையில்லாமல் வருகிறது என்று சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தேடிப் பார்த்து நிர்ணயிக்கும் வேலை அது. புதிதாக அசெம்பிள் செய்த பிறகும், பயாஸ் அப்டேட் செய்த பிறகும், சிமாஸ் பேட்டரி போன பிறகும், ராம் வேகத்தைக் கூட்டும் EXPO அமைப்பை மாற்றிய பிறகும் இது முதலிலிருந்து நடக்கும். பி650 மாதிரி ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் சில நிமிடங்கள் ஆகும். ராம் அளவு கூடக்கூட இன்னும் நீளும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பு, ஃபேன் சுற்றும், டிராம் விளக்கு அசையாமல் எரியும். ராம் சரியாகச் சொருகாவிட்டாலும் இதே காட்சிதான். வேலை நடக்கும்போது விளக்கு மினுக்கியிருந்தாலாவது தெரிந்திருக்கும். இதைக்கூட யோசிக்காமல் ஒரு போர்டை விற்கிறார்களே!

இதன் விளைவைப் பாருங்கள். ரைசன் 5 7600, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5-6000 ராம். பயாஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது, டிராம் விளக்கு நிற்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பவரை அணைத்தால் ட்ரெயினிங் பாதியில் அறுந்துபோகும். மறுபடி போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படி நாலு தடவை அணைத்துப் போட்டுவிட்டு போர்டு செத்துவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்குபவர்கள் நிறைய. பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் நின்றால்தான் கை வைக்க வேண்டும்.

கை வைக்கும்போது எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். சிமாஸை கிளியர் செய்யுங்கள்; 6000 என்பது EXPO வேகம், அந்த சிபியுவுக்கு அதிகாரப்பூர்வ வேகம் 5200தான், ஆகவே அமைப்பு இயல்புக்குத் திரும்பினாலே சில சமயம் எழுந்துவிடும். எழாவிட்டால் ஒரே ஒரு ராமை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள், அதாவது சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது. மீண்டும் காத்திருங்கள். பிறகு அதே இடத்தில் இரண்டாவது ராம். ஒன்று எழுந்து மற்றது எழவில்லையென்றால் எழாத ராம்தான் குற்றவாளி. இரண்டுமே ஏ2இல் எழுந்து, இரண்டுமே அடுத்த சேனலின் பி2 ஸ்லாட்டில் எழவில்லையென்றால் ராமைக் குறை சொல்லாதீர்கள். அந்த சேனல் முழுக்கப் பிரச்சினை: சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது சிபியு கூலரின் திருகுகள் ஒரு பக்கம் அதிகமாக இறுகி சிபியு சரியாகத் தொடாமல் இருப்பது. கூலரைத் தளர்த்தி, மூலைவிட்ட வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் காணாமல் போன சேனல் திரும்பி வருவது உண்டு. எல்லாவற்றுக்கும் எரிவது அதே டிராம் விளக்குதான்.

இந்த இடத்தில்தான் பீப் சத்தம் எழுப்பும் பழைய பஸ்ஸர் கைகொடுக்கிறது. போர்டோடு கொடுப்பதில்லை, தனியாக வாங்கினால் அற்ப விலை. முன்பக்க பேனல் பின்கள் அருகே SPEAKER என்று எழுதிய நாலு பின் இடத்தில் சொருக வேண்டும். திருப்பிச் சொருகினால் சத்தம் வராமல் போகலாம், அவ்வளவே. ஏசஸ் போர்டில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்று திரும்பத் திரும்ப வந்தால் ராமைக் காணவில்லை என்று அர்த்தம். ஒரு நீளம், மூன்று குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டைக் காணவில்லை. இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலில் உள்ள பட்டியலை மட்டும் நம்புங்கள். ட்ரெயினிங் ஓடும்போது பிழை பீப் வராது. எனவே விளக்கு மட்டும் எரிந்து பஸ்ஸர் மௌனமாக இருந்தால் காத்திருக்கலாம், பீப் வந்தால் காத்திருப்பது வீண்.

இன்னொரு உபயோகம்: ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பவர் போடுங்கள். பீப் வந்தால் சிபியுவும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன. பீப் எழுப்பும் நிரலை ஓட்டுவதே சிபியுதான். ஆனால் பீப் வராததை மட்டும் வைத்து சிபியு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பீப்பே எழுப்பாத புதிய போர்டுகளும் இருக்கின்றன.

இரண்டு இலக்க எண் காட்டும் போர்டுகள் இந்தத் தலைவலியைக் குறைத்துவிடும். ஏஎம்ஐ பயாஸில் 55 என்றால் ராம் இல்லை. ஏஎம்5 போர்டுகள் சிலவற்றில் ட்ரெயினிங்கின்போது 15 நிற்கும். ஒரு விளக்கு குழப்பியடிப்பதை இரண்டு எண் பிரித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த டிஸ்ப்ளே பெரும்பாலும் விலை உயர்ந்த போர்டுகளுக்கே போகிறது.

ஆக, மதிப்பெண் கேட்டால் விஜிஏ, பூட் விளக்குகளுக்குப் பத்துக்கு ஒன்பது. டிராம் விளக்குக்கு இரண்டு, அதுவும் இரக்கப்பட்டு. இவ்வளவு திட்டிய பிறகும் விளக்கே இல்லாத மலிவு போர்டை வாங்கச் சொல்ல மாட்டேன். இந்த விலைக்கு பி650 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பஸ்ஸரும்.