ஆண்டுக் கணக்குக்குச் செயலியா, விரிதாளா?

கையில் இருப்பது எவ்வளவு, கடன் எவ்வளவு, கடன் போக நிகர மதிப்பு எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு வருடம் இதைச் செயலியிடம் விட்டிருந்தேன். கணக்குகளை இணைத்துவிட்டால் அதுவே கூட்டிக் கழித்துவிடும். இப்போது விரிதாளுக்கே திரும்பிவிட்டேன்.

சுலபம் என்று பார்த்தால் செயலிதான், அதில் பேச்சில்லை. தாளில் ஒரு மாலை போய்விடும். ஆனால் என்னை மாற்றியது தேதி.

டிசம்பர் 30 அன்று கார்டு பில் 18,000 கட்டினேன். வங்கியில் அன்றே கழிந்துவிட்டது, கார்டில் வரவானது ஜனவரி 2இல். 31ஆம் தேதி செயலி வங்கி இருப்பைப் புதிதாக எடுத்திருந்தது, கார்டு நிலுவையோ 28ஆம் தேதியுடையது. பணமும் போயிருந்தது, கடனும் அப்படியே நின்றது. நிகர மதிப்பு 18,000 குறைவாகத் தெரிந்தது. ஜனவரி முதல் வாரத்தில், எந்த வரவும் இல்லாமல் அதே தொகை திடீரென்று ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது.

தாளில் ஒவ்வொரு இருப்புக்கும் பக்கத்தில் 'எந்தத் தேதி நிலவரம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 31 இருக்க வேண்டும். கட்டியும் வரவாகாத தொகைக்கு 'வழியில் உள்ள பணம்' என்று தனி வரி. கார்டுக்கு பில் தொகையைப் போடுவதில்லை, அன்றைய முழு நிலுவையைப் போடுகிறேன். பில் வந்த பிறகு வாங்கியதும் கடன்தானே! கடன்களைக் கழித்தல் குறியோடு எழுதினால், கடைசியில் ஒரே ஒரு வரி போதும்:

```
=SUM(C2:C15)
```

தாளிலும் சறுக்க இடம் உண்டு. முதல் வருடம் வீட்டுக் கடனுக்கு, மீதி 60 தவணை, மாதம் 10,000 என்று பெருக்கி 6,00,000 போட்டேன். அது தப்பு. அதில் இன்னும் ஏறாத வட்டியும் சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு 9% வட்டியில் அன்றைய அசல் பாக்கி ஏறக்குறைய 4,81,700தான். கடன் ஸ்டேட்மென்ட்டில் 'அசல் நிலுவை' என்று இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் செயலி என்னைவிடச் சரியாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், பழைய கணக்கு ஒன்றை மூடிவிட்டுச் செயலியிலிருந்து நீக்கினேன். போன வருடக் கூட்டுத்தொகையிலிருந்தும் அது காணாமல் போனது. எல்லாச் செயலியும் இப்படித்தானா என்று சொல்ல முடியாது, நான் பார்த்தது ஒன்றுதான். ஒரே வங்கியில் எல்லாம் வைத்திருப்பவருக்குத் தேதிச் சிக்கல் அவ்வளவாக வராமலும் போகலாம்.

இப்போது டிசம்பர் 25க்குப் பிறகு கார்டு பில் கட்டுவதில்லை, கெடு தேதி இடம் கொடுத்தால். 'வழியில் உள்ள பணம்' வரி போன வருடம் காலியாகவே இருந்தது.