ஐந்து ஆண்டு பிக்சட் டெபாசிட்: முதிர்வுத் தொகை சொல்லாத கணக்கு

2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதமாகக் குறைத்தபின், பெரிய பொதுத்துறை வங்கிகளில் ஐந்தாண்டு டெபாசிட்டுக்குக் கிடைத்த வட்டி 5.4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அப்போது 10 லட்சம் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டவருக்கு முதிர்வில் ஏறக்குறைய 13,07,600 ரூபாய் வந்திருக்கும். பாஸ்புக்கில் பார்க்க நிறைவான தொகைதான்.

இதே காலத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது? நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2020-21 முதல் 2024-25 வரை ஆண்டுச் சராசரி 6.2, 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். பெருக்கினால் 31.8 சதவீதம் வருகிறது. அதாவது அன்று 10 லட்சத்துக்கு வாங்கியதை ஐந்தாண்டு முடிவில் வாங்க 13,18,000 ரூபாய் தேவை. வரிக்கு முன்பே பத்தாயிரம் ரூபாய் குறைகிறது.

வரியைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். விலையேற்றத்தை ஈடுகட்டப் போதாத வட்டியையும் வருமான வரிச் சட்டம் முழு வருமானமாகவே எடுத்துக்கொள்கிறது. வட்டி கைக்கு வராத டெபாசிட்டிலும் ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியை அந்தந்த ஆண்டே கணக்கில் காட்டுவதுதான் வழக்கம். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு வட்டியில் 20.8 சதவீதம் வரியாகப் போகும். அதையும் இந்த வட்டியிலிருந்தே கட்டினால் மிஞ்சுவது சுமார் 12,37,000. இதன் வாங்கும் சக்தி, 2020 விலையில் 9,38,500 ரூபாய்தான். வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மீதி வரியைத் தாக்கலின்போது அவர்களே கட்ட வேண்டும்.

உண்மையில் அதிகம் அடிபடுவது வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை வாங்கிச் செலவு செய்யும் ஓய்வூதியர்கள்தான். 10 லட்சத்துக்கு ஒவ்வொரு காலாண்டும் 13,500 ரூபாய், கடைசிவரை அதே தொகை. ஐந்தாண்டு முடிவில் அந்த 13,500-இன் மதிப்பு, தொடக்க விலையில் 10,240 ரூபாய். திரும்பி வரும் அசலுக்கும் அதே கதி: 10 லட்சம் என்று அச்சிட்டிருந்தாலும் அது 7,58,700 ரூபாய்க்குச் சமம். மாதச் செலவு ஓடிக்கொண்டிருப்பதால் அசல் கரைவது வெகுநாள் கண்ணில் படாது.

டெபாசிட்டைப் புதுப்பிக்கும்போது செய்ய வேண்டிய சரிபார்ப்பு எளிது. ஆண்டு வட்டியிலிருந்து முதலில் வரியைக் கழியுங்கள். பிறகு அசலைப் பணவீக்க விகிதத்தால் பெருக்கி வரும் தொகையையும் கழியுங்கள். வட்டி 7, பணவீக்கம் 4.6 என்றால் 10 லட்சத்துக்கு வட்டி 70,000. அதே 20.8 சதவீதத்தில் வரி 14,560. அசல் தேயாமல் இருக்க மறுபடி டெபாசிட்டில் சேர்க்க வேண்டியது 46,000. நிம்மதியாகச் செலவழிக்கக்கூடியது ஆண்டுக்கு 9,440 ரூபாய்.