பிளக் கொசுவிரட்டியா, லோஷனா: விற்பனை விவரத்தில் 'பரப்பளவு' எழுதும்போது

பிளக்கில் செருகும் திரவக் கொசுவிரட்டிக்கும் தோலில் பூசும் லோஷனுக்கும் பலர் ஒரே அச்சில் விவரம் எழுதிவிடுகிறார்கள். ஆனால் 'எவ்வளவு இடத்துக்குப் போதும்?' என்ற கேள்விக்குத் திரவம் சொல்வது அறையின் காற்றை, லோஷன் சொல்வது உடம்பில் மூடாமல் இருக்கும் தோலை.

திரவத்தில்தான் பிழை அதிகம். பெட்டியில் 30 கன மீட்டர் என்று இருப்பதை 30 சதுர மீட்டர் என்று தட்டச்சு செய்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டர் உள்ள சிங்கப்பூர் வீவக வீட்டுப் படுக்கையறை, 2.6 மீட்டர் கூரை உயரத்தோடு, ஏறத்தாழ 27 கன மீட்டர். கணக்கு அதோடு முடிந்துவிட்டது. 30 சதுர மீட்டர் வரவேற்பறையோ 78 கன மீட்டர் வரும். மருந்தாவி இரண்டரை மடங்குக்கு மேல் நீர்த்துப்போகும். வாங்கியவர் 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை நட்சத்திரம் போடுவார், சரக்கில் குறையே இருக்காது. அதனால் கன மீட்டரை அப்படியே எழுதி, பக்கத்திலேயே 'ஒரு படுக்கையறைக்கு' என்று சேர்த்துவிடுங்கள்.

நாள் கணக்கும் அப்படித்தான். தினம் 8 மணி நேரம் வீதம் 45 இரவு என்றால் மொத்தம் 360 மணி நேரம். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பகலிலும் சேர்த்து 12 மணி நேரம் ஓட்டுபவருக்கு அதே புட்டி 30 நாளில் காலி. மணி நேரத்தை எழுதினால் சண்டை வராது.

லோஷனில் டீட் என்ற விரட்டி மருந்தின் சதவீதத்தை 'பலம்' என்று விற்பது தவறு. டீட் கூடினால் பாதுகாப்பு நீடிக்கும் நேரம்தான் கூடும், அதுவும் 50 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். டீட் பிளாஸ்டிக்கையும் சில செயற்கைத் துணிகளையும் அரிக்கும். மூக்குக்கண்ணாடி, கடிகார வார் பற்றி ஒரு வரி அவசியம். பிக்காரிடின் என்ற இன்னொரு விரட்டி மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அலுவலக உடையோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு நான் பிக்காரிடினைத்தான் முன்னால் வைப்பேன். இரண்டுக்கும் பொதுவான வரி: முதலில் சன்ஸ்கிரீன், பிறகு விரட்டி, சிறுபிள்ளைகளின் உள்ளங்கையில் பூசக்கூடாது, கை வாய்க்குப் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் வேண்டாம்.

திரவத்தின் எச்சரிக்கை வேறு. அதிலிருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மீனுக்குக் கடும் நஞ்சு. 'மீன்தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம்' என்பதை முதல் மூன்று வரிக்குள் வையுங்கள். உள்ளே பைரித்ராய்டு இருக்க, தலைப்பில் வேப்பிலைப் படத்தோடு 'மூலிகை' என்று போடுவது (போடுகிறார்கள்!) வாங்குபவரை ஏமாற்றுவது.

சிங்கப்பூரில் கொசுவிரட்டிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தில் பதிந்த பிறகே விற்கலாம். வெளியூரிலிருந்து பெட்டியில் வந்த சரக்குக்கு விவரம் எழுத உட்காரும் முன் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.