முறுக்கு நூலா, தங்கூஸா? ஒரு நண்டு வலையின் கிழிசலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

தொண்டிக்குத் தெற்கே பாக் விரிகுடாக் கரையில் எங்கள் வீட்டு வேம்பின் நிழலில், மே மாத விடுமுறையின் ஒரு காலை நேரத்தில், என் அப்பா இரண்டு நண்டு வலைகளை அடுத்தடுத்து விரித்துப் போட்டு, பன்னிரண்டு வயதான என் மகனை நடுவில் உட்கார வைத்தார். ஒன்று அவருடைய வலை. பல மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கிய நைலான் நூலால் ஆனது. மற்றொன்று என்னுடையது, நாங்கள் தங்கூஸ் என்று சொல்லும் ஒற்றை இழை நரம்பால் ஆனது. இரண்டிலும் நண்டு கடித்த கிழிசல்கள் இருந்தன. எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு எந்த முடிச்சைப் போடுவது என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது அன்று அவர் பேரனுக்குச் சொல்லித்தந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கும் முழுதாக விளங்கியது.

முதலில் அவர் வலையைத் தொடவே விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் மூன்று நூல் துண்டுகளையும் பையனிடம் கொடுத்தார். மூன்றாவது துண்டு, இழுவை வலைகளில் பயன்படும் பாலித்தீன் நூல். காற்றுக் குமிழி ஒட்டாதபடி ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் விரலால் கசக்கிவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். முறுக்கு நைலானும் தங்கூஸும் மெல்ல அடியில் இறங்கின. பாலித்தீன் மேலே வந்து மிதந்தது. நைலானின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.14 மடங்கு, பாலித்தீனின் அடர்த்தியோ ஏறத்தாழ 0.95 மடங்கு என்பதுதான் இதற்குக் காரணம். நண்டு வலை தரையோடு நிற்க வேண்டிய வலை. அதில் ஒரு கிழிசலைப் பாலித்தீன் நூலால் பொத்தினால், பொத்திய இடம் மட்டும் மேல்நோக்கி உப்பிக்கொண்டு நிற்கும். கடையில் அந்த நூல் மலிவாகவும் பார்வைக்கு உறுதியாகவும் இருந்தாலும், இந்த வேலைக்கு அது ஆகாது என்று ஒரே சோதனையில் ஒதுக்கப்பட்டது. அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

மிச்சமிருந்த இரண்டும் நைலான்தான். ஆனால் கையில் அவை வேறு வேறு பொருட்கள். முறுக்கு நூல் துணிபோல மடங்கும், ஈரத்தை உறிஞ்சும், முடிச்சில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தங்கூஸ் வழவழப்பானது, வளைத்தால் நிமிரப் பார்க்கும், தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. நான் தங்கூஸ் வலைக்கு மாறியதற்கு இந்தக் கடைசிக் குணமே காரணம். தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில் அது கூடுதலாகப் பிடிக்கிறது, விலையும் குறைவு, வலையிலிருந்து நண்டை ஆய்ந்தெடுப்பதும் சற்று விரைவாக முடிகிறது. முறுக்கு நூலில் நண்டின் முட்களும் கால்களும் நன்றாகச் சிக்கிக்கொள்வதால், பொறுமையில்லாமல் இழுத்தால் கால் ஒடிந்து விலை குறைந்துவிடும்.

ஆனால் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அடிச்சேறு கலங்கித் தண்ணீர் மங்கிவிடும்போது, கண்ணுக்குத் தெரியாத நூல் என்ற தங்கூஸின் பெருமை பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. அதே நேரத்தில் அதன் குறையோ எல்லாக் காலத்திலும் இருக்கிறது. மணலிலும் சிப்பியிலும் உராய்ந்த தங்கூஸ் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். ஒரே இழை என்பதால் நண்டின் கொடுக்கு ஓரிடத்தில் கீறினாலும் அந்த இடத்தில் அறுந்துவிடும். முறுக்கு நூலில் இரண்டு மூன்று இழைகள் அறுந்தாலும் மற்றவை கொஞ்ச நாள் தாங்கும், பிசிறு நீட்டி நம் கண்ணுக்கும் தெரியும். எதிர்க்கரையான இலங்கையில் ஒற்றை இழை வலைகள் 2006-இல் தடை செய்யப்பட்டன. இங்கே எங்களில் பலர் அதைப் பொத்துவதே இல்லை. கயிற்றையும் மிதப்பையும் ஈயத்தையும் கழற்றி வைத்துக்கொண்டு, மால் எனப்படும் பின்னல் பகுதியை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது கட்டுகிறோம். எறிந்த மால் கடலுக்குள் போனால் ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்லும்போது என் பங்கும் அதில் இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை.

அப்பா தம் வலையின் கிழிசலைக் காட்டி, பெட்டியிலிருந்து பொருத்தமான நூலை எடுக்கச் சொன்னார். பெட்டியில் 210/2/2, 210/2/3, 210/3/3 என்று எழுதிய உருண்டைகள் இருந்தன. முதல் எண் ஒரு மூல இழையின் பருமன். அந்த இழை 9000 மீட்டர் நீளத்துக்கு 210 கிராம் எடை இருக்கும். அடுத்த எண், அப்படிப்பட்ட எத்தனை இழைகள் சேர்ந்து ஒரு புரி ஆகிறது என்பதையும், கடைசி எண் எத்தனை புரிகள் சேர்ந்து நூலாகிறது என்பதையும் சொல்கின்றன. ஆகவே 2/2 என்பதில் நான்கு இழைகள், 3/3 என்பதில் ஒன்பது. வலை 2/2 நூலால் ஆனது. பையன் நேராக 3/3 உருண்டையை எடுத்தான். "இதுதான் தாத்தா கெட்டி. திரும்பக் கிழியாது" என்றான்.

"போட்டுப் பாரு, அய்யா" என்று சொல்லிவிட்டு அப்பா பேசாமல் இருந்தார்.

வலை முடிச்சில், ஏற்கெனவே வலையில் இருக்கும் கண் வளையமாக நிற்கிறது. நாம் கொண்டுவரும் நூல் அதைச் சுற்றிப் பிடிக்கிறது. சுற்றுகிற நூல் வளையத்தைவிடத் தடித்திருந்தால் இறுக்கமாக மடங்காது, அதனால் கவ்வாது. பையன் போட்ட முடிச்சை அப்பா இரு பக்கமும் பிடித்து இழுத்தபோது அது மெல்லிய கண்ணின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒருவேளை அது நின்றிருந்தாலும் நட்டம்தான்: அடுத்த நண்டு இழுக்கும்போது தடித்த ஒட்டு அசையாமல் நிற்க, அதையொட்டிய பழைய கண்கள் அறுந்து, கிழிசல் இன்னும் அகலமாகும். வலையின் நூலே கிடைத்தால் அதுதான் சிறந்தது; கிடைக்காதபோது ஒரு படி மெல்லியதை எடுக்கலாம், ஒரு படி தடித்ததை எடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. மெல்லிய நூல் தடித்த வளையத்தை நன்றாகக் கவ்வும். அறுந்தாலும் பொத்திய இடம் மட்டுமே அறும்.

உருண்டை வெயிலில் கிடந்ததா என்பதையும் அவர் பார்க்கச் சொன்னார். நைலானுக்கு வெயிலே எமன். நூலை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் தூள்போல இழைத்துகள் உதிரக் கூடாது; ஒரு முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் சுலபமாக அறக் கூடாது. பருத்தி வலைக் காலத்தில் அழுகலுக்கு அஞ்சிப் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்த தலைமுறை இருந்தது. நைலான் அழுகாது என்பதால் அந்த வேலை ஒழிந்தது. நிழலில் உலர்த்தும் வேலை வந்து சேர்ந்தது.

பிறகு கிழிசலைச் செம்மை செய்தார்கள். கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான், முடிச்சில் அல்ல. முழுதாக இருக்கும் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு நூல்கள் பிரிந்து போகும்; அவற்றைக் கால்கள் என்போம். அறுந்த பகுதியைச் சுற்றிலும் வெட்டிக்கொண்டே வந்து, ஓரத்தில் இருக்கும் முடிச்சுகள் எல்லாம் இரண்டிரண்டு கால்களோடு நிற்கும்படி செய்ய வேண்டும். தொடங்கும் இடமான மேல்முனையில் ஒன்று, முடியும் இடமான கீழ்முனையில் ஒன்று என இரண்டு முடிச்சுகளில் மட்டும் மூன்று கால்களை விட வேண்டும். வேறெங்காவது மூன்று கால் மிஞ்சினால், கடைசியில் நூல் ஒரு பக்கம் நிற்கும், மூட வேண்டிய இடம் இன்னொரு பக்கம் இருக்கும். இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குகிறாரே என்று பையன் திகைத்தான். வெட்டி முடித்தபோது இருபது முடிச்சுக்கான இடம் இருந்தது. வலையின் கண் இழுத்துப் பிடித்தால் 90 மில்லிமீட்டர். ஒரு முடிச்சுக்கு ஏறத்தாழ அந்த அளவு நூலும் முடிச்சுக்குள் போகும் கொஞ்சமும் தேவை. ஆகவே இரண்டு மீட்டர் போதும், கைக்கு வசதியாக மூன்று மீட்டரை வலை பின்னும் ஊசியில் சுற்றினார்கள். கண்ணின் பாதியான 45 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மூங்கில் பட்டையை அளவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

முறுக்கு நூலுக்கு ஒற்றை முடிச்சு. ஊசியை மேல்கண்ணுக்குள் கீழிருந்து கொண்டுவந்து, பட்டையின் மேல் விளிம்பில் கண் படும்வரை இழுத்து, அந்த இடத்தை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு நூலை இடப்பக்கம் மேலாக வளைத்து வீசி, கண்ணின் இரு கால்களுக்கும் பின்னால் ஊசியைச் செலுத்தி, வீசிய வளைவுக்குள் எடுத்து இழுக்க வேண்டும். பையனின் கட்டைவிரல் நான்காவது முடிச்சில் நழுவியது. முடிச்சு கண்ணின் நுனிக்குக் கீழே விழுந்து, பார்வைக்கு முடிச்சாகவே இருந்தது. இழுத்தால் ஓடும் சுருக்காக இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, தொட்டார். இரு கால்களையும் பக்கவாட்டில் இழுக்க, ஒரு கண் சிறுத்து அடுத்த கண் பெருத்தது. "கண்ணு சொல்லாது. விரல்தான் சொல்லும்" என்றார்.

என் தங்கூஸ் வலைக்கு அதே முடிச்சைப் போட்டுக் காட்டியபோது, சரியாக விழுந்த முடிச்சும் வழுக்கியது. அதனால்தான் ஆலையில் பின்னி வரும் தங்கூஸ் மால்களில் பெரும்பாலும் இரட்டை முடிச்சே இருக்கிறது: கால்களுக்குப் பின்னால் ஊசியை ஒருமுறைக்கு இருமுறை சுற்றி எடுப்பது. அது நிற்கிறது; ஆனால் ஒவ்வொன்றையும் ஈரப்படுத்தி மெதுவாக இறுக்க வேண்டும், உலர்ந்தபடி வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் இழை அந்த இடத்திலேயே பலமிழக்கும். முறுக்கு நூலில் இருபது முடிச்சுகள் போட்ட நேரத்துக்குள் தங்கூஸில் ஒன்பதுதான் முடிந்தன. அதற்குள் பக்கத்துக் கண்ணில் வெளுத்த இரண்டு இழைகள் கைபட்டே அறுந்தன.

அப்படியானால் எல்லா இடத்திலும் இரட்டை முடிச்சே போட்டுவிடலாமே என்று பையன் கேட்டான். முறுக்கு நூலில் அது வீண் என்பதே அப்பாவின் பதில், நானும் அதையே சொல்வேன். நூல் கூடுதலாகச் செலவாகும், முடிச்சு தடிக்கும், பிழைபட்டால் பிரிப்பது கடினம். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள மூன்று கால் முடிச்சுகளுக்கும், அடிக்கயிற்றை ஒட்டிய வரிசைக்கும் மட்டும் அவர் இரட்டை முடிச்சு போடுகிறார்.

என் முடிவு இது: தங்கூஸ் வலை புதிதாக இருந்து, நான்கைந்து கண்கள் மட்டும் போயிருந்தால் இரட்டை முடிச்சில் பொத்தலாம். வெளுக்கத் தொடங்கிய தங்கூஸைப் பொத்துவதில் பொருளில்லை; மாலைச் சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கலங்கிய தண்ணீரிலும், நீலக்கால் நண்டு அதிகமாக விழும் மாதங்களிலும், கையால் பொத்தி ஆண்டுக்கணக்கில் ஓட்ட நினைப்பவருக்கு முறுக்கு நூல்தான். விலை வித்தியாசத்தை அது பொத்துகிற ஒவ்வொரு முறையும் திருப்பித் தருகிறது.

மறுநாள் விடியலில் வத்தையில் போய் வலையை இழுத்தபோது, பையன் பொத்திய இடத்தில் ஒரு பெரிய நண்டு சிக்கியிருந்தது. அவன் அதை விட்டுவிட்டு நான்காவது முடிச்சைத் தேடி, இரு கால்களையும் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தான். அது நகரவில்லை. அதற்கு இரண்டு கண் தள்ளி இன்னொன்று நகர்ந்தது. "தாத்தா, ஊசி எங்கே?" என்று கேட்டான்.